விவரம் இல்லாத வரிக்குப் பணம் கட்டுவது யார்?

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம், மருத்துவமனை பில்லில் வரும் சில்லறைச் செலவுகளை நான்கு பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருள்கள். பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய இவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை. கையுறை, டயப்பர், தெர்மாமீட்டர், இ.சி.ஜி. எடுக்க ஒட்டும் எலக்ட்ரோடு, சான்றிதழ் கட்டணம் எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு நடுவே, விவரம் எதுவும் குறிப்பிடாத எந்தக் கிட்டும் செல்லாது என்று ஒரு வரி இருக்கிறது. பிரசவ கிட், எலும்பு அறுவை கிட் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பட்டியலில் இதே போல் இன்னொன்று: விளக்கம் இல்லாத இதரச் செலவுகள்.

மருத்துவமனை பில்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது. பில்லில் ஒரு வரி தெளிவில்லாமல் இருந்தால், அது யாருடைய தலையிலும் விழாமல் காற்றில் நிற்பதில்லை. விவரம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் அதைக் கழித்துவிடும். கழித்த தொகையை நோயாளி கட்ட வேண்டியது என்று மருத்துவமனை எழுதிவிடும். தெளிவின்மையை உண்டாக்கியவர் ஒருவர், அதைக் காரணம் காட்டிக் கழித்தவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர். ஆகவே, 'இந்த வரி என்ன?' என்று கேட்பதைச் சந்தேகப் புத்தி என்றோ கஞ்சத்தனம் என்றோ யாரும் நினைக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்கிய விவரம், செல்லாத தொகையைச் செல்லும் தொகையாக மாற்றக்கூடும்.

இதை ஒரு முழு பில்லை வைத்துப் பார்த்தால்தான் புரியும். கீழே வருவது கணக்கு விளங்குவதற்காக நானே அமைத்த பில். எண்கள் எந்த மருத்துவமனையுடையவையும் அல்ல. ஆனால் வரிகளும் அவற்றின் வரிசையும் தனியார் மருத்துவமனை பில்களில் வழக்கமாக வருபவை.

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவைசிகிச்சை. நோயாளி ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். திங்கள் மாலை 7 மணிக்குச் சேர்த்தார்கள், செவ்வாய் காலை அறுவைசிகிச்சை, வெள்ளி காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ் எழுதினார்கள். பாலிசி 5 லட்சம் ரூபாய்க்கு. அதில் அறை வாடகைக்கு உச்சவரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அந்த வாடகையில் அறை காலியில்லை என்று சொன்னதால் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தார்கள்.

பில் இப்படி வந்தது. அறை நான்கு நாளுக்கு 32,000. நர்சிங் 3,200. டியூட்டி டாக்டர் 2,800. அறுவை மருத்துவர் கட்டணம் 45,000. மயக்க மருத்துவர் 13,500. தியேட்டர் கட்டணம் 22,000. டாக்டர் விசிட் எட்டு, தலா 1,000 வீதம் 8,000. பார்மசி 41,600, அதற்குள் 'லேப் கிட்' என்ற ஒற்றை வரி மட்டும் 9,800. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் 14,500. அட்மிஷன் கட்டணம் 750, ஹவுஸ்கீப்பிங் 1,200, மருத்துவ ஆவணக் கட்டணம் 500. அறைக்கு ஜி.எஸ்.டி. 1,600. மொத்தம் 1,86,650 ரூபாய்.

காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் கிளெய்மைப் பார்க்கும் டி.பி.ஏ.விடமிருந்து இறுதி அனுமதிக் கடிதம் வருகிறது. அனுமதித்த தொகை 1,08,000. மீதி 78,650 ரூபாயை நோயாளி கட்ட வேண்டும். பில் முழுவதும் காப்பீட்டில் போய்விடும் என்று நம்பியிருந்த குடும்பத்துக்கு இது மாலை 6 மணிக்குத் தெரிய வருகிறது. நோயாளி உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி கீழே நிற்கிறது. 'சீக்கிரம் கட்டிவிட்டுப் போகலாம்' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இந்த 78,650 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முதலில் அறை. வரம்பு 5,000, எடுத்தது 8,000. நாளுக்கு 3,000 வீதம் நான்கு நாளுக்கு 12,000 கூடுதல். இதை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பாராதது அடுத்து வருகிறது. வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தால், அறையோடு சேர்ந்த மற்ற மருத்துவச் செலவுகளையும் அதே விகிதத்தில் குறைக்கும் உரிமையைப் பல பாலிசிகள் வைத்திருக்கின்றன. இதை விகிதாசாரக் கழிவு என்கிறார்கள். 8,000க்கு 5,000 என்பது 62.5 சதவீதம். ஆகவே மற்ற செலவுகளிலும் 62.5 சதவீதம்தான் தருவோம் என்கிறது நிறுவனம், 37.5 சதவீதம் போய்விடுகிறது. பல மருத்துவமனைகளில் அறை உயர உயர அறுவைக் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் விசிட் கட்டணமும் சேர்ந்து உயர்வதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அது நியாயமான காரணமும்கூட.

ஆனால் எந்தச் செலவில் இப்படிக் கழிக்கலாம், எதில் கூடாது என்பதற்கு எல்லை இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இல் இதை வகுத்துச் சொன்னது. மருந்து மற்றும் நுகர்பொருள்களின் விலை, உடலில் பொருத்தும் உபகரணங்களின் விலை, பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. எந்த அறையில் இருந்தாலும் ஒரே கட்டணம்தான் என்று வைத்திருக்கும் மருத்துவமனையில் இந்தக் கழிவையே பயன்படுத்தக் கூடாது. காரணம் எளிது. ஆன்டிபயாடிக் ஊசியின் விலை 5,000 ரூபாய் அறையிலும் 8,000 ரூபாய் அறையிலும் ஒன்றுதான்.

நம் பில்லில் என்ன செய்திருக்கிறார்கள்? நர்சிங் முதல் விசிட் வரை உள்ள ஆறு வரிகளின் கூட்டுத்தொகை 94,500. இதில் 37.5 சதவீதம் கழித்தால் 35,437 ரூபாய் 50 காசு. இது விதிப்படி சரி. ஆனால் கிட் நீங்கலாக பார்மசியில் மீதியுள்ள 31,800க்கும், பரிசோதனைக்கான 14,500க்கும் சேர்த்து அதே கழிவைப் போட்டிருக்கிறார்கள். அதில் மட்டும் 17,362 ரூபாய் 50 காசு. இது கழித்திருக்கக் கூடாத தொகை. இரண்டும் சேர்ந்து 52,800 என்று கடிதத்தில் ஒரே எண்ணாக நிற்பதால் கண்ணில் படாது. 'விகிதாசாரக் கழிவு 52,800' என்று இருந்தால், எந்தெந்த வரியில் எவ்வளவு கழித்தீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அந்த 17,362 தனியாக வெளியே வரும்.

அந்த 35,437இலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த மருத்துவமனையில் அறுவைக் கட்டணம் அறைக்கு அறை மாறுகிறதா? மாறவில்லை என்றால், அதை மருத்துவமனையின் முத்திரையோடு ஒரு கடிதமாகவோ கட்டண அட்டவணையாகவோ வாங்கி டி.பி.ஏ.வுக்கு அனுப்பினால் அந்தக் கழிவும் நிற்காது. நம் உதாரணத்தில் மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் நாளுக்கு 3,000 ரூபாய் கூடுதல் அறைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? அறையில் 12,000, விகிதக் கழிவில் 35,437, ஜி.எஸ்.டி. 1,600. ஏறக்குறைய 49,000 ரூபாய். அந்த ஜி.எஸ்.டி.யும் அறைத் தேர்வால் வந்ததே. 2022 ஜூலை 18 முதல், நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டும் அறைகளுக்கு 5 சதவீத வரி உண்டு, ஐ.சி.யூ. வகை அறைகளுக்கு இல்லை. உள்நோயாளிக்கான சிகிச்சைக்கும், சிகிச்சையின் பகுதியாகக் கொடுக்கும் மருந்துக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. எனவே மொத்தத் தொகையின் கீழே பொதுவாக 'ஜி.எஸ்.டி.' என்று ஒரு வரி வந்தால், அது எதன் மேல் போட்ட வரி என்று கேட்க இடம் இருக்கிறது.

வரம்புக்குள் அறை காலியில்லை என்று மருத்துவமனை சொன்னால், அதை அன்றைக்கே எழுதி வாங்கி டி.பி.ஏ.வுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் பின்னால் முறையிடும்போது கையில் ஓர் ஆதாரம் இருக்கும். அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசிகளும் இப்போது நிறைய இருக்கின்றன. உங்களுடையது எது என்று சேரும் நாளில் தெரிந்திருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் பெரும்பகுதி அட்மிஷன் கவுண்டரில் அறையைத் தேர்ந்தெடுத்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது.

அடுத்தது 9,800 ரூபாய் லேப் கிட். பார்மசி பில்லில் இது ஒரே வரி. டி.பி.ஏ.வின் பார்வையில் இது விவரம் இல்லாத கிட், முதல் பட்டியலில் வருவது. முழுத் தொகையும் போயிற்று. பார்மசி கவுண்டரில் நின்று இதைப் பிரித்துக் கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'சார், சிஸ்டம்லயே அப்படித்தான் வருது.' அதற்கு, 'பரவாயில்லைங்க. கிட்டுக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னு பொருள், எண்ணிக்கை, விலை போட்டு ஒரு தாளில் சீல் வெச்சுக் குடுங்க, டி.பி.ஏ. கேக்கிறாங்க' என்று சொல்வது போதும். அந்தக் கிட்டைக் கட்டிய தியேட்டர் ஸ்டோரில் அதன் பட்டியல் நிச்சயம் இருக்கும். பிரித்த பட்டியலில் ரத்தக்குழாயை மூடும் கிளிப், தையல் நூல், வடிகுழாய் போன்றவை 7,900 ரூபாய்க்கும், கையுறை, தொப்பி, ஏப்ரன் போன்றவை 1,900 ரூபாய்க்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விவரம் வந்ததும் 7,900 செல்லும் தொகையாகிறது. 1,900 மட்டுமே நிற்கிறது. பொருளும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. ஒரு தாள் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இங்கே அந்த நான்கு பட்டியல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் பட்டியல் காப்பீடு தராதவை. மற்ற மூன்றின் தன்மை வேறு. இரண்டாம் பட்டியலில் உள்ள 37ம் அறை வாடகைக்குள் அடங்கியவை: ஹவுஸ்கீப்பிங், ஏ.சி. கட்டணம், ஊசி போடும் கட்டணம், போர்வை, அட்மிஷன் கிட், கோப்பு திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப் பட்டை வரை. மூன்றாம் பட்டியலின் 23ம் அறுவைக் கட்டணத்துக்குள் அடங்கியவை: பஞ்சு, காஸ், அறுவைக் கத்தியின் பிளேடு, கேமரா உறை, தியேட்டர் முன்பதிவு போன்றவை. நான்காவதில் உள்ள 18 சிகிச்சைச் செலவுக்குள் அடங்கியவை: அட்மிஷன் மற்றும் பதிவுக் கட்டணம், இன்ஃப்யூஷன் பம்ப், சிறுநீர்ப் பை, குளுக்கோமீட்டர் பட்டை, உணவு ஆலோசனைக் கட்டணம் போன்றவை.

அடங்கியவை என்றால், அறைக்குக் கொடுத்த பணத்திலேயே அதற்கும் சேர்த்துக் கொடுத்தாயிற்று என்று பொருள். எனவே நாளுக்கு 8,000 வாடகையும் வாங்கிக்கொண்டு 300 ரூபாய் ஹவுஸ்கீப்பிங்கும் தனியே போட்டால், காப்பீட்டு நிறுவனம் அந்த 300ஐத் தராது. மருத்துவமனையோ அதை உங்களிடம் கேட்கும். அப்போது கேட்க வேண்டியது: 'இது அறை வாடகைக்குள் வருவது. ஏன் தனியாகப் போட்டிருக்கிறீர்கள்?' ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கு மருத்துவமனைகள் மேல் நேரடி அதிகாரம் இல்லை. எனவே மருத்துவமனை இதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேஷ்லெஸ் வசதி தரும் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 'ஒப்பந்தப்படி இதை என்னிடம் வசூலிக்கலாமா என்று டி.பி.ஏ.விடமே கேட்கிறேன்' என்று சொன்னால் பில்லிங் மேலாளர் அந்த வரியை மறுபடி பார்ப்பார். நம் பில்லில் அட்மிஷன் கட்டணம் 750, ஹவுஸ்கீப்பிங் 1,200, இரண்டும் இந்த வகை.

அனுமதிக் கடிதத்திலேயே சில கழிவுகளுக்குப் பக்கத்தில், ஒப்பந்தக் கட்டணத்துக்கு மேற்பட்டது, மருத்துவமனைத் தள்ளுபடி, நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது என்ற குறிப்புகள் இருப்பதுண்டு. மொத்த பில்லிலிருந்து அனுமதித்த தொகையைக் கழித்து, மீதி முழுவதையும் நோயாளி கணக்கில் எழுதும் கவுண்டரில் இந்தக் குறிப்பு கவனிக்கப்படாமல் போய்விடும். எனவே 'எவ்வளவு கட்ட வேண்டும்' என்று கேட்டுக் கட்டாதீர்கள்; அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிப் படித்த பிறகு கட்டுங்கள்.

இனி பார்மசி. அறுவைக் கட்டணம் அதிகமா குறைவா என்று நம்மால் சொல்ல முடியாது. மருந்தை எண்ண முடியும். உள்நோயாளிப் பார்மசியில் வார்டிலிருந்து இண்டெண்ட் என்ற கோரிக்கை போகும்; மருந்து மேலே வரும்; பயன்படாதது ரிட்டர்ன் என்று கீழே போகும். ஒவ்வொன்றும் தேதியோடு பதிவாகும். மறுபக்கம் கேஸ் ஷீட்டில் நர்ஸ்கள் மருந்து கொடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்திடும் தாள் இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு ஒத்துவர வேண்டும்.

நம் நோயாளிக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. அறுவைக்கு முன்னால் ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று, புதன் இரண்டு, வியாழன் இரண்டு. மருந்துத் தாளில் ஆறு கையெழுத்து. பார்மசி பில்லில் பத்து குப்பி, ரிட்டர்னில் இரண்டு. நிகரமாக எட்டு. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் உள்ள இரண்டு குப்பி எங்கே? ஒன்று உடைந்திருக்கலாம், வார்டு அலமாரியிலேயே இருக்கலாம், ரிட்டர்ன் போட மறந்திருக்கலாம். மோசடி என்று எடுத்தவுடன் நினைக்க வேண்டியதில்லை. வார்டில் வேலைப் பளுவில் ரிட்டர்ன் தவறுவது சாதாரணம். குப்பி 400 ரூபாய் என்றால் 800 ரூபாய். ஐ.சி.யூ.வில் பத்து நாள் கிடந்த நோயாளியின் பில்லில், ஒரு குப்பி இரண்டாயிரம் மூவாயிரம் விலையுள்ள மருந்தில் இதே தவறு நேர்ந்தால் தொகை என்னவாகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். எல்லா மருந்தையும் எண்ண வேண்டாம். விலையில் மேலே நிற்கும் ஐந்தாறு மருந்துகளை எண்ணினால் போதும்.

விலையைப் பொறுத்தவரை, அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது தெரிந்ததே. பில்லில் எம்.ஆர்.பி.க்கு மேல் இருந்தால் அது நேரடி விதிமீறல். ஆனால் எம்.ஆர்.பி.க்குள் இருப்பதால் விலை நியாயமானது என்று சொல்லிவிட முடியாது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018இல் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இதை உடைத்துக் காட்டியது. ஊசிக் குழாயில் மருந்தைத் திருப்பிவிடும் மூவழித் திருகு ஒன்றை மருத்துவமனை வாங்கிய விலை 5 ரூபாய் 77 காசு. நோயாளியிடம் வாங்கியது 106 ரூபாய். லாபம் 1,737 சதவீதம். அதுவும் எம்.ஆர்.பி.யை மீறாமல். மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளுக்காக உற்பத்தியாளர்கள் எம்.ஆர்.பி.யையே உயர்த்தி அச்சிடுகிறார்கள், லாபம் மருத்துவமனைக்கே போகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. அந்த பில்களில் மருந்து, நுகர்பொருள், பரிசோதனை மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதி.

உச்சவிலை நிர்ணயித்த பொருள்களில் மட்டும் நோயாளிக்கு உறுதியான பிடி இருக்கிறது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் அதில் முதன்மையானது. 2017 பிப்ரவரியில் அந்த ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், பூசாததற்கு 7,260 ரூபாயும் வரி நீங்கலாக உச்சவிலையாக வைத்தது. பிறகு அவ்வப்போது திருத்தி வருகிறது. ஸ்டென்டின் விலை, பிராண்டு, உற்பத்தியாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை பில்லில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே இருக்கிறது. எனவே ஆஞ்சியோபிளாஸ்டி பில்லில் 'ஸ்டென்ட் மற்றும் உபகரணங்கள்' என்று ஒரே தொகை இருந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஸ்டென்ட் அட்டைப் பெட்டியின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். அதன் நகலை வாங்கி பில்லோடு ஒப்பிடலாம். முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் வைக்கும் செயற்கை மூட்டுக்கும் 2017 ஆகஸ்டில் இதே போல் விலை வரம்பு வந்தது.

மற்ற வரிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். நாள் கணக்கு: திங்கள் மாலை 7 முதல் வெள்ளி காலை 11 வரை 88 மணி நேரம். 24 மணி நேரத்துக்கு ஒரு நாள் என்றால் நான்கு நாள். நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாள் என்ற கணக்கில் ஐந்து நாள். எந்தக் கணக்கு என்பது மருத்துவமனையின் சொந்த விதி. சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐ.சி.யூ.வுக்கு மாற்றிய நாளில் அறைக்கும் ஐ.சி.யூ.வுக்கும் இரட்டை வாடகை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் விசிட் எட்டு என்றால், கேஸ் ஷீட்டில் எட்டுக் குறிப்பாவது இருக்க வேண்டும். தியேட்டர் கட்டணம் மணிக்கணக்கில் போட்டிருந்தால், மயக்க மருத்துவரின் பதிவில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்கும். பேக்கேஜ் என்று பேசிச் சேர்ந்திருந்தால், பேக்கேஜுக்குள் எவை அடக்கம் என்ற தாளை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். இல்லையேல் பேக்கேஜ் தொகையும் வரும், அதற்குள் அடங்கியதே தனி வரியாகவும் வரும்.

எப்போது கேட்பது என்பது எதைக் கேட்பது என்பதைப் போலவே முக்கியம். இறுதி பில் டி.பி.ஏ.வுக்குப் போன பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால், பில்லைத் திருத்தி மறுபடி அனுப்பி, அனுமதி மறுபடி வர வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரும் அதற்கு நிற்பதில்லை. எனவே டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மாலையிலேயே, அதுவரையிலான விரிவான இடைக்கால பில்லை, பார்மசி விவரத்தோடு கேட்டு வாங்க வேண்டும். நீண்ட நாள் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அன்றிரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பென்சிலால் குறித்தால், காலையில் பில்லிங் மேலாளரிடம் ஐந்தாறு வரிகளை மட்டும் குறிப்பாகப் பேசலாம். 'பில் ரொம்ப அதிகம்' என்று பொதுவாகப் பேசினால் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கலாம், தவறு திருந்தாது. '14ஆம் தேதி இந்த மருந்து நான்கு போட்டிருக்கிறது, சார்ட்டில் இரண்டுதான் இருக்கிறது' என்று சொன்னால் அவர் பார்த்தே ஆக வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமும் கெடு இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை மருத்துவமனையிலிருந்து வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதித்து, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். மூன்று மணி நேரம் என்பது மருத்துவமனை அனுப்பிய நிமிடத்திலிருந்துதான் ஓடும். எனவே எப்போது அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டும் பதில் இல்லை, கட்டாமல் கிளம்ப முடியாது என்ற நிலை வந்தால், கட்டிவிட்டு, பில் நகலில் 'இன்னின்ன வரிகளை ஆட்சேபித்துச் செலுத்துகிறேன்' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். ஒத்துக்கொண்டு கட்டவில்லை என்பதற்கு அது சான்று. பில் தகராறுக்காக நோயாளியைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. அந்த நகல் இல்லாமல் எந்த முறையீடும் பலமாக இருக்காது. ஆகவே வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.

நம் நோயாளியின் கணக்கை முடித்துவிடலாம். மருந்திலும் பரிசோதனையிலும் தவறாகக் கழித்த 17,362 திரும்புகிறது. கிட்டைப் பிரித்ததில் 7,900 திரும்புகிறது. அட்மிஷன், ஹவுஸ்கீப்பிங் இரண்டையும் மருத்துவமனை எடுத்துவிட்டால் 1,950. மொத்தம் 27,212 ரூபாய் சொச்சம். அவர் கட்ட வேண்டியது 78,650 அல்ல, சுமார் 51,400. இதில் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. மீதியில் பெரும்பகுதி, முன்பே சொன்னதுபோல, அறைத் தேர்வால் வந்தது. அதை இனி மாற்ற முடியாது.

டி.பி.ஏ. இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மருத்துவமனை வாங்கிய கட்டணத்தைப் பற்றிய புகார் என்றால் அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குரியது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளுக்கு அங்கேயும் கட்டணம் இல்லை. உச்சவிலை மீறல் என்றால் மருந்து விலை நிர்ணய ஆணையம்.

இத்தனை வழிகள் இருந்தும் ஒரு வழி அடைபட்டே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் எதைத் தரும், எதைத் தராது என்று பொருள் வாரியாக வகுத்த விதி இருக்கிறது. மருத்துவமனை அதே பொருளை பில்லில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அவ்வளவு இறுக்கமான, அன்றாடம் அமலாகும் விதி இல்லை. 'கிட்' என்று ஒரு வரியில் எழுதுவது மருத்துவமனைக்கு எந்த நஷ்டத்தையும் தருவதில்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டு விதிகளும் கையில் இருக்கின்றன. பொருள், எண்ணிக்கை, தேதி, விலை என்ற நான்கும் இல்லாத எந்த பில் வரியும் நோயாளியிடம் வசூலிக்கத் தக்கதல்ல என்ற ஒற்றை விதியை மாநில அரசு அதில் சேர்க்க வேண்டும். அது வரும்வரை, அந்த நான்கையும் நோயாளியின் வீட்டார்தான் டிஸ்சார்ஜுக்கு முந்தின மாலையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.